அம்பை லைன் தூரம் சரியா வருது, நாங்குநேரி லைன் மட்டும் 8.6 கி.மீ. காட்டுது. எங்க தப்பு?

வண்ணார்பேட்டை பார்சல்

வணக்கம். சின்ன கூரியர், ரெண்டு பைக், ஒரு கிடங்கு. டெலிவரி பாயின்ட் எல்லாத்தையும் மேப்பில் குத்தி, ஷீட்டில் இறக்கி, பாயின்டுக்கு பாயின்ட் தூரம் போட்டு, ட்ரிப்புக்கு எவ்வளவு செலவுன்னு பாக்கேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து கிடங்குக்குத் திரும்புற தூரம் 29.7 வருது. நேர்க்கோட்டில் அவ்வளவுதான் இருக்கும், நம்பலாம். ஆனா கிடங்கு டூ நாங்குநேரி 8.6 காட்டுது. பைக்கில் போனா 30 ஓடுது. ரெண்டுக்கும் ஒரே ஃபார்முலாதான், இழுத்து விட்டது. ஃபார்முலா தப்புன்னா அம்பையும் தப்பா வரணுமே?

இன்னொண்ணு. அம்பை ட்ரிப்புக்கு பெட்ரோல் 73 ரூபாய்னு ஷீட் சொல்லுது. ஒரு ஜவுளிக்கடை பார்சலுக்கு 55 ரூபாய் தாரேங்கான். ஒத்துக்கலாமா?

எக்செல் அண்ணாச்சி

இது பார்த்த உடனே தெரியுது. RADIANS போடலை. ஷீட்டுக்கு SIN, COS எல்லாம் ரேடியன்தான் புரியும், நீங்க டிகிரியைக் கொடுத்திருப்பீங்க. பிதாகரஸ் போட்டிருந்தா அதுவும் தப்பு, பூமி உருண்டை. ஹாவர்சைன்தான் போடணும்.

வண்ணார்பேட்டை பார்சல்

ஹாவர்சைன்தான் அண்ணாச்சி, RADIANS-ம் இருக்கு. B-யில் அட்சரேகை, C-யில் தீர்க்கரேகை.

```
=2*6371*ASIN(SQRT(SIN(RADIANS(B3-B2)/2)^2+COS(RADIANS(B2))*COS(RADIANS(B3))*SIN(RADIANS(C3-C2)/2)^2))
```

கேன் கடை நாங்குநேரி

நாங்குநேரி ரோட்டுக்கு டோல் சேத்துக்கிட்டீங்களா? நம்ம குட்டியானைக்கு டோல் கேட்டைத் தாண்டினாலே லாபத்தில் பாதி போயிருது. நாலு நடை அடிச்சா கேக்கவே வேண்டாம்.

வண்ணார்பேட்டை பார்சல்

பைக்குக்கு டோல் இல்ல அண்ணன். நான் கேக்கது தூரம்.

அடங்கல்

ஃபார்முலாவில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. தப்பு அதற்குள் போகும் எண்ணில் இருக்கிறது. B2-வில் உங்கள் கிடங்குக்கு என்ன எண் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். 77 என்று ஆரம்பிக்கிறதா?

வண்ணார்பேட்டை பார்சல்

ஆமா. B2 77.7190, C2 8.7276. மேப்பில் லேயரை KML-ஆ இறக்கி, அதிலிருந்து எடுத்து ஒட்டினேன்.

அடங்கல்

அதேதான். மேப்பில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை முதலில் வரும். KML கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், கடைசியில் உயரத்துக்கு ஒரு பூஜ்யமும் ஒட்டிக்கொண்டிருக்கும்:

```
<coordinates>77.7190,8.7276,0</coordinates>
```

வந்த வரிசையிலேயே ஒட்டியதால் இரண்டும் இடம் மாறிவிட்டன. ஷீட்டைப் பொறுத்தவரை உங்கள் கிடங்கு 77-வது அட்சரேகையில், வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அம்பை ஏன் மாட்டவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அட்சரேகை ஒரு டிகிரி எங்கே அளந்தாலும் சுமார் 111 கி.மீ. தீர்க்கரேகை ஒரு டிகிரி அப்படியில்லை. துருவத்தை நெருங்க நெருங்க அது குறுகும். நம் ஊரில் சுமார் 110 கி.மீ. இருப்பது, 77.7-வது அட்சரேகையில் 24 கி.மீ.கூட இருக்காது.

கிடங்கிலிருந்து அம்பை கிட்டத்தட்ட நேர் மேற்கு. இடம் மாறும்போது அந்தக் கிழக்கு மேற்கு வித்தியாசம் அட்சரேகை ஆகிவிடுகிறது, அது குறுகாது. சுருங்குவது வடக்கு தெற்காக இருந்த 2 கி.மீ. மட்டும். அதனால் 29.43 வர வேண்டியது 29.69 வந்தது, உங்களுக்கும் சந்தேகம் வரவில்லை. நாங்குநேரி தெற்கே இருக்கிறது. அங்கே 26 கி.மீ. வடக்கு தெற்கு வித்தியாசம் முழுவதும் தீர்க்கரேகையாகி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

B, C இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு நாங்குநேரி எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள். உங்கள் மேப் பின் 8.49, 77.66 பக்கம் இருந்தால் 27-ஐ ஒட்டி வரும்.

வண்ணார்பேட்டை பார்சல்

26.9. அம்பை 29.4 ஆயிட்டு. ரெண்டு நாளா ஃபார்முலாவையே நோண்டிக்கிட்டு இருந்தேன்.

எக்செல் அண்ணாச்சி

சரி, ரேடியன் இல்லைன்னு ஒத்துக்கிடுதேன். ஆனா ஹாவர்சைன் கட்டாயம் வேணும்னு சொன்னது சரிதானே?

அடங்கல்

டெல்லியில் கூரியர் நடத்தினால் நீங்கள் சொல்வது சரி. அங்கே இரண்டு டிகிரிக்கும் 111 என்று வைத்து பிதாகரஸ் போட்டால் கிழக்கு மேற்கில் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் தப்பும். திருநெல்வேலி பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பது டிகிரிகூட இல்லை. அம்பை தூரத்தை வெறும் பிதாகரஸில் போட்டால் 29.72, ஹாவர்சைனில் 29.43. முந்நூறு மீட்டர் வித்தியாசம். ஃபார்முலா கையில் இருக்கும்போது ஹாவர்சைனே இருக்கட்டும், ஆனால் உங்கள் செலவுக் கணக்கு தப்பினால் அதற்குக் காரணம் பூமியின் உருண்டை வடிவமாக இருக்காது.

இடம் மாறுவதைப் பிடிக்க D நிரலில் இதைப் போட்டு வையுங்கள்:

```
=IF(AND(B2>8,B2<9.5,C2>77,C2<78.5),"சரி","பார்")
```

இது எல்லாவற்றையும் பிடிக்காது. யாராவது 8 டிகிரி 42 நிமிடம் 30 விநாடி என்று கொடுத்ததை 8.4230 என்று அடித்துவிட்டால் இந்தச் சோதனை அதைச் "சரி" என்றே சொல்லும். உண்மையில் அது 8.7083. நிமிடத்தை 60 ஆலும் விநாடியை 3600 ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். விட்டால் அந்தப் பாயின்ட் 31 கி.மீ.க்கு மேல் தெற்கே போய்விடும். டவுனில் உள்ள ஒரு வீடு நாங்குநேரியையும் தாண்டி உட்கார்ந்திருந்தால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பேட்டை சுப்பு

எதுக்கு இவ்ளோ பாடு? பின்கோடை வெச்சு தூரம் போட்டுறலாமே. அம்பைக்கு 627401, பாளைக்கு 627002. ஒவ்வொரு பின்கோடுக்கும் ஒரு பாயின்ட், முடிஞ்சு போச்சு.

வண்ணார்பேட்டை பார்சல்

அம்பைக்கு எத்தனை கி.மீ.ன்னு சொல்ல அது போதும் தம்பி. ஒரே பின்கோடில் நாலு தெரு இருந்தா நாலுக்கும் நடுவுல தூரம் பூஜ்யம்னு வருமே. டவுன் ட்ரிப் முழுக்க அந்த மாதிரிதான்.

அடங்கல்

மேப் பின் பற்றி ஒன்று. வாடிக்கையாளர் அனுப்பும் மேப் லிங்கைத் திறந்தால் முகவரிப் பட்டையில் `@` குறிக்குப் பிறகு இரண்டு எண் இருக்கும். பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். அது திரையின் நடுப்புள்ளி. மேப்பைக் கொஞ்சம் நகர்த்தினால் மாறிவிடும். கடையின் உண்மையான பின் அதே முகவரியில் பின்னால் `!3d`, `!4d` என்பவற்றுக்கு அடுத்து வரும். முன்னது அட்சரேகை, பின்னது தீர்க்கரேகை. நாலு தசமம் இருந்தால் சுமார் 11 மீட்டருக்குள் நிற்கும், அது போதும். இரண்டு தசமத்தோடு வெட்டினால் ஒரு கி.மீ. ஆட்டம் காணும்.

இனி செலவுக்கு வருவோம். அம்பை ட்ரிப்பின் பாயின்ட் எல்லாவற்றையும் போடுங்கள். ட்ரிப் மீட்டரில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எவ்வளவு ஓடியது என்பதும் வேண்டும்.

வண்ணார்பேட்டை பார்சல்

ரெண்டு நாள் கழிச்சு வாரேன். பையன் நாளைக்குத்தான் அந்த லைன் போறான், எழுதிட்டு வரச் சொல்லுதேன்.

வண்ணார்பேட்டை பார்சல்

வந்துட்டு. முதல் எண் ஷீட்டில் வந்த நேர்க்கோடு, அடுத்தது பைக் மீட்டர்.

கிடங்கு (8.7276, 77.7190) டூ பேட்டை (8.7330, 77.6650): 5.97 / 8.0
பேட்டை டூ சேரன்மகாதேவி (8.6870, 77.5660): 12.02 / 14.0
சேரன்மகாதேவி டூ கல்லிடைக்குறிச்சி (8.6850, 77.4660): 10.99 / 12.8
கல்லிடை டூ அம்பை (8.7080, 77.4520): 2.98 / 4.2
அம்பை டூ கிடங்கு: 29.43 / 35.0

மீட்டரில் மொத்தம் 74. ஷீட்டில் 61.4. நான் முதல்ல போட்ட கணக்கில் திரும்பி வர்றதைச் சேக்கவே இல்ல, வெறும் 32 கி.மீ. அதான் பெட்ரோல் 73 ரூபாய்னு வந்திருக்கு.

எக்செல் அண்ணாச்சி

74-ஐ 61.4-ஆல் வகுத்தா 1.2. இனிமே எல்லா நேர்க்கோட்டையும் 1.2-ஆல் பெருக்கிருங்க, ரோடு தூரம் வந்துரும். மீட்டர் பாக்க வேண்டியதே இல்ல.

அடங்கல்

முழு ட்ரிப்புக்கு 1.2 சரி. தனித்தனி நிறுத்தத்துக்குப் போட்டால் இடறும். அவர் கொடுத்ததையே வகுத்துப் பாருங்கள். சேரன்மகாதேவி, கல்லிடை இரண்டுக்கும் 1.16 வருகிறது, நெடுஞ்சாலை. பேட்டைக்கு 1.34, ஏனென்றால் வண்ணார்பேட்டையிலிருந்து ஆற்றுப் பாலம் ஏறி, ஜங்ஷன் சுற்றி, டவுனைத் தாண்டித்தான் போக வேண்டும். கல்லிடையிலிருந்து அம்பைக்கு 1.41. மூன்று கி.மீ.கூட இல்லாத தூரம், ஆனால் நடுவில் தாமிரபரணி.

அதனால் மூன்று பெருக்கு எண் வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை நிறுத்தங்களுக்கு ஒன்று, ஊருக்குள் ஒன்று, ஆறு குறுக்கிடுவதற்கு ஒன்று. மூன்றையும் உங்கள் மீட்டரிலிருந்துதான் எடுக்க வேண்டும், என்னுடையதை எடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து ட்ரிப் எழுதினால் நிலைத்துவிடும்.

ஆறு விஷயத்தில் அந்த எண்ணும் முழுக்கக் காப்பாற்றாது. குறுக்குத்துறைப் படித்துறையில் நின்றால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். அங்கே ஒரு வீட்டுக்குப் பார்சல் என்றால் ஷீட் ஒரு கி.மீ. என்று சொல்லும். வண்டி பாலத்துக்குப் போய்ச் சுற்றி வர அதைப் போல் எத்தனை மடங்கு என்பது பாலம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது, தூரத்தைப் பொறுத்ததில்லை. இரண்டு கரையிலும் பாயின்ட் இருந்தால் பாலத்தையே ஒரு பாயின்டாக ஷீட்டில் போடுங்கள். கரை முதல் பாலம், பாலம் முதல் மறுகரை என்று இரண்டு துண்டாக அளந்தால் சாதாரண ஊர்ப் பெருக்கு எண்ணே போதும்.

கேன் கடை நாங்குநேரி

நம்ம கடைக்கு அவரு சொன்னது 30, நேர்க்கோடு 26.9. 1.12தான் வருது. நாலுவழிச்சாலை இல்லா. அப்ப எனக்கு 1.16-ம் ஜாஸ்தி.

அடங்கல்

ஆமாம், உங்களுக்கு அதுவே சரி.

பேரேடு

தூரம் முடிஞ்சதுன்னா நான் ரூபாய்க்கு வாரேன். பெட்ரோல் மட்டும் செலவு இல்ல. லிட்டர் 102, சுமையோட 45 கி.மீ. மைலேஜ்னு வெச்சா கி.மீ.க்கு 2.27. ஆயில், டயர், செயின், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 80 பைசா. வண்டி தேய்மானம்: 95,000-க்கு வாங்கி, 80,000 கி.மீ. ஓட்டி, 30,000-க்கு வித்தா கி.மீ.க்கு 81 பைசா. மொத்தம் 3.88. இதெல்லாம் உங்க பில்லைப் பாத்து மாத்திக்கோங்க. 80 பைசா பழைய வண்டிக்குப் பத்தாது.

74 கி.மீ.க்கு 287 ரூபாய். பையனுக்கு நாள் சம்பளம் என்ன, அம்பை போய் வர எத்தனை மணி நேரம், பார்சல் எத்தனை?

வண்ணார்பேட்டை பார்சல்

650 அக்கா. எட்டு மணி நேர வேலை, இதுக்கு அஞ்சு மணி நேரம் ஆகுது. அன்னைக்கு 14 பார்சல், 11 கொடுத்தான். 3 கதவு பூட்டிக் கிடந்துச்சு, திருப்பிக் கொண்டாந்துட்டான்.

பேரேடு

அப்ப சம்பளத்தில் எட்டில் அஞ்சு, 406. ட்ரிப் செலவு 693.

14-ஆல் வகுத்தா பார்சலுக்கு 49.50. 55 ரூபாய்க்கு லாபம்னு தெரியும். ஆனா ஜவுளிக்கடை டெலிவரி ஆன பார்சலுக்கு மட்டும்தான் காசு தரும்னா 11-ஆல் வகுக்கணும், 63 ரூபாய். கைக்கு வர்றது 605, போனது 693. அன்னைக்கு 88 ரூபாய் நட்டம். திரும்பின பார்சலுக்குப் பாதி ரேட்டாவது கேளுங்க. மூணுக்கு 82.50 சேந்தா 687.50, ஏறக்குறைய அசலுக்கு வந்துரும். லாபம் அப்பவும் இல்ல. அதே 3 பார்சலை மறுநாள் திரும்பக் கொண்டு போனா அதுங்க அந்த நாள் எண்ணிக்கையிலும் இடம் பிடிக்கும், அதை மறந்துறாதீங்க.

எக்செல் அண்ணாச்சி

அக்கா, சம்பளம் எப்படியும் 650 கொடுக்கத்தான் போறாரு. பையன் சும்மா இருந்தாலும் கொடுக்கணும். அதை ட்ரிப்பில் ஏத்தினா எந்த ட்ரிப்பும் கட்டாது. கி.மீ. செலவு 287 மட்டும் பாத்தா 605-ல் 318 மிச்சம். வர்ற வேலையை விடக்கூடாது.

பேரேடு

மிச்ச மூணு மணி நேரம் டவுன்ல வேலை இருக்கிற வரைக்கும் நான் போட்ட பங்கு சரி. வேலை இல்லைன்னா முழு 650-ம் அம்பை தலையில்தான் விழும். அப்ப 937, கொடுத்த 11-க்கு 85 ரூபாய். நீங்க சொல்ற மாதிரி 287 மட்டும் பாக்கலாம், ஒரு நாள் மிச்சமிருக்கிற பையனை வெச்சு ஒரு ட்ரிப் எடுக்கதுக்கு. வருஷம் முழுக்க அதே ரேட்டுக்குக் கையெழுத்துப் போட்டா சம்பளத்தை யார் கொடுக்கது?

எக்செல் அண்ணாச்சி

டவுன் வேலை கொடுக்கும். ரேட்டை ஏத்தினா ஜவுளிக்கடைக்காரன் வேற ஆளைப் பாப்பான், அப்ப 318-ம் போச்சு.

பேரேடு

டவுன் கணக்கு எழுதிப் பாத்திருக்கீங்களா? அங்க தூரம் கம்மி, நிக்கிற நேரம்தான் ஜாஸ்தி. நான் இதுக்கு மேல பேசல, அவரே ஒரு மாசம் ரெண்டு விதமாவும் எழுதிப் பாக்கட்டும்.

வண்ணார்பேட்டை பார்சல்

ரெண்டு நிரல் போட்டுட்டேன், ஒண்ணு பங்குச் சம்பளத்தோட, ஒண்ணு இல்லாம. இப்ப அதே கடை முக்கூடலுக்கு ஒரு பார்சல் சேத்துக்கிடச் சொல்லுது. சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்கும் நடுவுல போடலாமா? கூட எவ்வளவு ஆகும்னு ஷீட்டில் எப்படிப் பாக்கது?

அடங்கல்

புது நிறுத்தத்தின் செலவு, கிடங்கிலிருந்து அங்கே உள்ள தூரம் அல்ல. சேரன்மகாதேவி டூ முக்கூடல், முக்கூடல் டூ கல்லிடை இரண்டையும் கூட்டி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சேரன்மகாதேவி டூ கல்லிடையைக் கழிக்க வேண்டும். முக்கூடல் பின் 8.7400, 77.5230 என்று வைத்தால் 7.55 கூட்டல் 8.75 கழித்தல் 10.99, அதாவது 5.3 கி.மீ. கூடுதல். இதுவே ரோட்டோரம் உள்ள வீரவநல்லூராக இருந்தால் கூடுதல் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது, நிற்கும் பத்து நிமிடம் மட்டும்.

1.2-ஆல் பெருக்கினால் 6.4 கி.மீ., 3.88 வீதம் 25 ரூபாய். அதை நம்பி 55-க்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சேரன்மகாதேவியும் கல்லிடையும் ஆற்றின் தென்கரை, முக்கூடல் வடகரை. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை ஆற்றைக் கடக்க வேண்டும். கழிக்கிற துண்டு நெடுஞ்சாலை, 1.16. கூட்டுகிற இரண்டு துண்டும் ஆறு தாண்டுபவை. கல்லிடை டூ அம்பையில் வந்த 1.41-ஐ அப்படியே போட்டால் 16.3 கி.மீ. நேர்க்கோடு 23 ஆகிறது, அதில் 12.8 போனால் கூடுதல் 10 கி.மீ.க்கு மேல். செலவு 40 ரூபாய், நேரம் தனி. ஆனால் 1.41 மூன்று கி.மீ. துண்டில் எடுத்த எண். எட்டு கி.மீ. துண்டுக்கு அது அப்படியே பொருந்துமா என்பது சந்தேகம்தான், குறையவே வாய்ப்பு.

பேட்டை சுப்பு

அம்பையில் முடிச்சுட்டு வடகரை ரோட்டிலேயே திரும்பி வந்தா முக்கூடல் வழியில்தானே வரும்? முக்கூடலுக்காகத் தாமிரபரணியைத் தாண்ட வேண்டாமே. எதுக்கு நடுவுல சொருகணும்?

அடங்கல்

நல்ல கேள்வி, நான் அதைப் பார்க்கவில்லை. அம்பை டூ முக்கூடல், முக்கூடல் டூ கிடங்கு கூட்டி, 29.43 கழித்துப் பார்த்தேன். 8.58 கூட்டல் 21.59, கூடுதல் 0.7 கி.மீ.தான். நேர்க்கோட்டில் சொருகுவதைவிட இது எவ்வளவோ மேல். ரோடு இரண்டும் ஒரே தரமா, எத்தனை நிமிடம் கூடும் என்பதைப் பையன்தான் சொல்ல வேண்டும்.

வண்ணார்பேட்டை பார்சல்

வியாழக்கிழமை அந்த வழியா வரச் சொல்லிருக்கேன். மீட்டரும் மணியும் எழுதிப் போடுதேன். அதுவரை கடைக்காரனுக்குப் பதில் சொல்லல.